முன்வரிசைக்காரரின் லைசென்ஸ்

என் தங்கை மாப்பிள்ளை வெல்டர். வளைகுடாவில் வேலை என்று நாகர்கோவில் கோட்டாற்றில் ஒரு ஏஜென்சியிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். லைசென்ஸ் உண்டா என்று விசாரித்தீர்களா எனக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“என்ன மச்சான், அந்த ஏஜென்சிக்காரரு நம்ம சபைதானே? முன்வரிசையில இருக்கப்பட்டவரு. அவரு அனுப்புற ஆளுகளுக்குப் போதகரே பேரு சொல்லி ஜெபம் பண்ணுதாரு. அதுக்கு மேல என்ன வேணும்?”

எங்கள் ஆட்களின் வியாதியே இதுதான். ஞாயிறு ஆராதனையில் பெயர் வாசித்துவிட்டால் போதும், அரசாங்கமே முத்திரை குத்தின மாதிரி.

ஏஜென்சி நோட்டீஸில் இருந்த லைசென்ஸ் எண்ணை, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்களைப் பதிவு செய்யும் அரசின் இ-மைகிரேட் தளத்தில் தேடினேன். எண் இருந்தது. நடப்பிலும் இருந்தது. “பாத்தியளா?” என்று மாப்பிள்ளை சிரித்தார். எனக்கு அசடு வழிந்தது. பிறகுதான் விலாசத்தைப் பார்த்தேன். பதிவு அலுவலகம் சென்னையில். நாகர்கோவிலில் கிளை எதுவும் இல்லை.

நோட்டீஸில் போட்டிருந்த போன் நம்பரை விட்டுவிட்டுத் தளத்தில் இருந்ததற்கு அடித்தேன். “எங்களுக்கு அங்க ஆபீஸே இல்ல சார். எங்க லைசென்ஸ் நம்பர யாரோ போட்டு ஏமாத்துறாங்க. முதல்ல பாஸ்போர்ட்ட வாங்குங்க” என்றார்கள்.

அன்றே இருவரும் போனோம். செருப்புக்கடை மாடியில் ஒரு மேசை, சுவரில் வேதவசனக் காலண்டர். பெஞ்சில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

“நான் சென்னைக்காரங்களுக்கு சப் ஏஜென்டாக்கும்” என்றார் முன்வரிசைக்காரர்.

“சப் ஏஜென்டு வைக்கவே சட்டத்துல இடம் இல்ல. கிளைன்னா அனுமதியக் காட்டும்!” என்றேன். சென்னை நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன். மணி அடித்ததுமே மனுஷன் மேசை டிராயரை இழுத்தார். உள்ளே முருங்கைக்காய்க் கட்டு மாதிரி ரப்பர் பேண்ட் போட்ட பாஸ்போர்ட்டுகள். எங்களுடையதை உருவி மேசையில் எறிந்தார். சீ, எத்தனை வீட்டுப் பிழைப்பு அந்த டிராயரில் கிடந்தது!

பெஞ்சில் இருந்தவர்களிடம், இது போலி, உங்கள் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு போங்கள் என்று கத்தினேன். ஒரு அம்மா எரிந்து விழுந்தாள்: “உங்க சோலி முடிஞ்சுல்லா? போங்கோ. எம் மவன் போறதக் கெடுக்காதீங்கோ.”

போலீசில் புகார் எழுதிக் கொடுத்தோம். போதகரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். “சபைக்குள்ள பிரச்சன வேண்டாம் தம்பி, ஜெபிப்போம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் அதே முன்வரிசையில், வெள்ளைச் சட்டையில். வெளிநாடு போகிறவர்களின் பெயர்களைப் போதகர் வாசித்தார். அந்த அம்மாவின் மகன் பெயரும் வந்தது. அடுத்து, தொழில் ஆசீர்வாதத்துக்காக முன்வரிசைக்காரர் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்திருப்பதாக அறிவித்து ஜெபித்தார்.

பக்கத்தில் என் தங்கை மாப்பிள்ளை கண்ணை மூடி, சபையோடு சேர்ந்து சத்தமாக “ஆமென்” என்றார்.