நான் வாசிக்காமல் விட்ட கட்டம்

கொத்மலைப் பக்கம் ஒரு சின்ன பஜாரில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். எதிரே கமநல சேவை நிலையம், விவசாயிகளுக்கான அரசாங்க அலுவலகம். அதனால் கொப்பி எடுக்க வருகிறவர்களை விட, ஒரு தாளை நீட்டி "இதுல என்னாங்க போட்டிருக்கு?" என்று கேட்க வருகிறவர்கள்தான் அதிகம். அங்கே கிடைக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் சிங்களத்தில் இருக்கும். எனக்குச் சிங்களம் நன்றாக வாசிக்க வரும். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அந்த வியாழக்கிழமை வரை.

அன்று காலை ஒருவர் கடைக்குள் வந்தபோது அவருடைய கீழ் உதடு பிளந்து இரத்தம் தாடியில் காய்ந்திருந்தது. ஐம்பது வயது இருக்கும், குடும்பத்தையே எனக்குத் தெரியும். மேலே, தேயிலைத் தோட்டத்து எல்லையை ஒட்டிய கிராமத்துக் காணியில் கரட் போடுகிறவர். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டார். தன் பெயரைத் தமிழில் எழுதுவார், இலக்கங்களைப் படிப்பார், அதோடு சரி. அவருடைய அப்பா தோட்டத்தில் வேலையை விட்டபோது கிடைத்த சேவைக்காலப் பணத்தில் ஓர் ஏக்கர் காணி வாங்கியிருந்தார். அப்பா போன பிறகு அண்ணனான இவரும் தம்பியும் நடுவில் தண்ணீர் ஓட ஒரு கான் வெட்டி ஆளுக்குப் பாதியாகப் பயிர் செய்து வந்தார்கள்.

அவர் கையில் மூலை கிழிந்த ஒரு தாள் இருந்தது.

"தம்பி வீட்டுல இருந்து புடுங்கிட்டு வந்தேன் தங்கச்சி. காணிய அவன் பேருல எழுதிக்கிட்டானோன்னு எனக்குச் சந்தேகம். காட்ட மாட்டேன்னான். மூஞ்சியில குத்துனான். நானும் விட்டேன் ரெண்டு" என்றார். "இதுல யாரு பேரு இருக்கு, அத மட்டும் சொல்லுங்க."

அது விவசாயக் காணிப் பதிவேட்டிலிருந்து எடுத்த சான்றுப் பிரதி. மானிய உரம் கேட்கப் போனவர்களிடம் அதைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பத்து மணிக்குக் கரண்ட் போகும் என்று சொல்லியிருந்ததால் எல்லோரும் அவசரப்படுத்தினார்கள். நான் தாளை ஒரு பார்வை பார்த்தேன். கட்டங்களுக்கு நடுவில் தம்பியின் பெயர் தெளிவாகத் தெரிந்தது.

"உங்க தம்பி பேருதாண்ணே."

"என் பேரு?"

"இல்லண்ணே. உங்க பேரு இதுல இல்ல."

அவர் நெற்றியில் ஒரு நரம்பு புடைத்தது. "ஒரு கொப்பி எடுங்க" என்றார். எடுத்தேன். சூடு ஆறாத கொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். "கொஞ்சம் இருங்க, முழுசா வாசிச்சுச் சொல்றேன்" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த ஆளின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டேன்.

மெஷினின் மூடியைத் தூக்கியபோது அவர் கொண்டுவந்த மூலத் தாள் கண்ணாடியில் கிடந்தது. பத்திரமாக எடுத்து வைக்கலாம் என்று கையில் எடுத்தவள், அப்போதுதான் அதை இடமிருந்து வலமாக வாசித்தேன்.

முதல் கட்டத்தில் காணியின் பெயர். அடுத்தது பரப்பு: ஏக்கர் சைபர், றூட் இரண்டு, பேர்ச்சஸ் சைபர். நான்கு றூட் ஓர் ஏக்கர் என்பதால் அது அரை ஏக்கர். அதற்கடுத்த கட்டத்தின் தலைப்பு ‘ஹிமிகரு’, அதாவது உரிமையாளர். அதன் கீழே இறந்துபோன அப்பாவின் பெயர் இருந்தது. அதற்கும் அடுத்த கட்டம் ‘வகாகரு’, பயிர் செய்பவர். தம்பியின் பெயர் அங்கேதான் இருந்தது. கடைசிக் கட்டத்தில் பயிர், மரக்கறி.

தம்பி எதையும் எழுதி வாங்கவில்லை. அந்தத் தாள் அவருடைய பாதிக்கு மட்டும் உரியது. அண்ணனின் பாதி பதிவேட்டில் வேறு வரியில் இருக்கும், வேறு தாளில் வரும். அதில் தம்பியின் பெயர் இருக்காது. அதுவுமில்லாமல், இந்தப் பதிவு காணியின் உரிமையைச் சொல்லும் உறுதிப் பத்திரமும் அல்ல. யார் எந்த நிலத்தில் என்ன போடுகிறார் என்பதைச் சொல்லும் பதிவு. யார் பெயர் எங்கே இருந்தாலும் அப்பா வாங்கிய உறுதி அப்படியேதான் இருக்கும்.

நான் சொன்ன இரண்டு பதிலும் பொய் இல்லை. ஆனால் காணி யார் பேரில் என்று அவர் கேட்க வந்த கேள்விக்கு அவை பதில் இல்லை.

கடையில் நின்றவர்களை அப்படியே விட்டுவிட்டு, தாளோடு அவர்கள் காணிக்குப் போக ஆட்டோவில் ஏறினேன்.

மேட்டில் இறங்கும்போதே சத்தம் கேட்டது. தம்பியின் லீக்ஸ் செடிப் பாத்திகளில் நான்கு வரிசை வெட்டுப்பட்டுச் சாய்ந்து கிடந்தது. மருந்தடிக்கும் தாங்கி இரண்டாகப் பிளந்து நீல மருந்து மண்ணில் ஊறிக்கொண்டிருந்தது. அண்ணனின் கையில் கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியின் கட்டைக் கிளையை ஒரே வீச்சில் துண்டாக்குகிற கனமான கத்தி அது. அவர் இளமையில் தோட்டத்தில் ஆண்டுக் கணக்கில் கவ்வாத்து வெட்டியவர்.

"எங்கப்பன் ஒழைச்ச மண்ண நீ தனியா எழுதிக்கிட்டியாடா" என்று கத்திக்கொண்டே செடிகளை வெட்டினார்.

தம்பி மண்வெட்டியோடு வந்தார். அவருக்கு நாற்பது வயது, அண்ணனை விட உயரம். "நான் ஒன்னும் எழுதல. உரத்துக்குக் கேட்டாங்க, வாங்குனேன். அவ்வளவுதான்" என்றார்.

"பேரு இருக்குடா. வாசிச்சுச் சொல்லிட்டாங்க."

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நான் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். "அண்ணே, நான் தப்பா சொல்லிட்டேன். நில்லுங்கண்ணே, முழுசா வாசிக்கிறேன்." அவர் திரும்பவில்லை. பக்கத்தில் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். முழங்கையைப் பின்னால் வீசினார். அது என் வாயில் பட்டது. ஒரு பல் உடைந்து நாக்கில் கிடந்ததை நான் கானுக்குள் விழுந்த பிறகுதான் உணர்ந்தேன்.

தம்பி மண்வெட்டியின் காம்பால் அண்ணனின் தோளில் அடித்தார். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. இடது கை தொங்கிப்போய்விட்டது. ஆனால் கத்தி வலது கையில் இருந்தது. இரண்டாவது அடிக்கு மண்வெட்டி மேலே போனபோது அண்ணன் கீழிருந்து வீசினார். கத்தி காம்பில் வழுக்கி, அதைப் பிடித்திருந்த விரல்களில் இறங்கியது.

தம்பி தன் கையைப் பார்த்தார். நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றும் இல்லை. பிறகு அந்தக் கையாலேயே அண்ணனின் முகத்தில் குத்தினார். இருவரும் வெட்டிய லீக்ஸின் மேல் விழுந்து புரண்டார்கள். இரத்தத்தில் யார் முகம் எது என்று தெரியவில்லை. தம்பியின் மனைவி வீட்டிலிருந்து ஓடி வந்து, கணவரின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். கத்தியை ஓங்கிய அண்ணன், அவளுடைய முதுகைப் பார்த்ததும் நிறுத்தினார். கத்தியைப் போட்டுவிட்டு, முறிந்த தோளோடு வரம்பில் உட்கார்ந்தார்.

நான் கானிலிருந்து எழுந்து வாயில் இரத்தத்தோடு வாசித்தேன். ஒவ்வொரு கட்டமாக, தலைப்பைச் சொல்லி, கீழே இருப்பதையும் சொல்லி வாசித்தேன். உரிமையாளர் என்ற இடத்தில் அவருடைய அப்பாவின் பெயரைச் சொன்னபோது அவர் தலையைத் தூக்கினார்.

"அப்பா பேரா?"

"ஆமாண்ணே. உங்க தம்பி பேரு பயிர் செய்யிற ஆளுன்னு மட்டும்தான் இருக்கு. இது அவரோட பாதி. ஒங்க பாதிக்கு வேற வரி இருக்கும்."

அவர் எழுந்து போய்ப் பாத்திக்குள் குனிந்து, ஒற்றைக் கையால் விரல்களைத் தேட ஆரம்பித்தார். இரண்டைக் கண்டுபிடித்தார். மூன்றாவது கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த இரண்டையும் பொருத்த முடியவில்லை; மண்ணும் மருந்தும் ஏறிவிட்டது என்றார்கள்.

பொலிஸில் வாக்குமூலம் கொடுத்தபோது நான் வாசித்த விதத்தை முதலில் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி, "அது கேஸுக்குத் தேவையில்லை, வெட்டினதைச் சொல்லுங்க" என்று சிங்களத்தில் சொன்னார். வெட்டியதைச் சொன்னேன். அதுதான் எழுத்தில் இருக்கிறது.

அண்ணனைப் பிடித்து மறியல் சிறையில் வைத்தார்கள். அவருடைய மனைவி என்னிடம் வந்து அவருடைய பாதிக்கும் பிரதி எடுத்துத் தரச் சொன்னாள். கமநல நிலையத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து எடுத்தோம். உரிமையாளர், அப்பா. பயிர் செய்பவர், அண்ணன். பரப்பு, அதே இரண்டு றூட். அவள் அதை வாங்கிக்கொண்டு வெகுநேரம் என் கடை வாசலில் நின்றாள். அழவில்லை.

தம்பியின் மனைவி வேறு மாதிரி. கட்டுப் போட்ட கணவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்று பஜாரில் என்னை நிறுத்தினாள். "நீங்க வெட்டலக்கா. ஆனா நீங்கதானே சொன்னீங்க" என்றாள். நான் தலையாட்டினேன். அவள் என் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போனாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பிடிக்க வந்தார்கள். விடுங்கள் என்றேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதிவேட்டைத் திருத்துவதற்காகக் கமநல நிலையத்து உத்தியோகத்தர் காணிகளுக்குப் போனார். அவருக்குத் தமிழ் வராது, என்னையும் கூப்பிட்டார். போக எனக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் போனேன். அண்ணனின் பாதியில் கரட் பிடுங்கப்படாமல் முற்றி, புல் இடுப்பளவு நின்றது. "இதில் இப்போது யார் பயிர் செய்கிறார்?" என்று அவர் கேட்டார். அங்கே நின்ற தம்பியிடம் நான் அதைத் தமிழில் சொன்னேன்.

பக்கத்துக் காணிக்காரர் ஒருவர் தம்பியின் காதருகில், "நீதான்னு சொல்லு. ஒன் கைய எடுத்தவனுக்கு என்னாத்துக்கு அது" என்றார். எனக்கும் கேட்டது. உத்தியோகத்தருக்கும் கேட்டிருக்கும், மொழி புரிந்திருக்காது.

தம்பி வலது கையைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். அதை வெளியே எடுத்து, மிஞ்சியிருந்த கட்டை விரலாலும் ஆட்காட்டி விரலாலும் அந்தப் புல்லைக் காட்டினார்.

"அண்ணன்தான் செய்யிறாரு. மறியல்ல இருக்காரு, வந்து செய்வாரு. அப்புடியே எழுதச் சொல்லுங்க."

"மன்னிச்சுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மன்னிப்பா?" அவர் தரையில் துப்பினார். "வெளிய வந்தா அவன் மொகத்துல முழிக்க மாட்டேன். கானுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். ஆனா அவன் பாதி அவன் பாதிதான். அத மாத்தி எழுதுனா, அன்னைக்கி அவன் வெட்டுனது சரின்னு ஆயிரும்."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. முதலில் சொன்னதை மட்டும் சிங்களத்தில் சொன்னேன். உத்தியோகத்தர் எழுதி முடித்ததும், அவர் கையிலிருந்த பதிவேட்டைக் கேட்டு வாங்கி, அந்த வரியைத் தலைப்புகளோடு தம்பிக்கு முழுதாக வாசித்துக் காட்டினேன். அவர் கடைசிக் கட்டம் வரை நின்று கேட்டார். பிறகு இடது கையில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் பாத்திக்குள் இறங்கினார்.