சபாபதியின் வெஸ்டர்ன்

பிள்ளையார்பாளையத்தில் பாதி வீடுகளில் தறிச் சத்தம் கேட்கும். சபாபதி வீட்டில் மட்டும் வயலின் சத்தம். அண்ணன் தறியில் உட்கார்ந்தார், தம்பி சபாபதி வயலின் வில்லைப் பிடித்தார், அவ்வளவுதான் வித்தியாசம். கல்யாண ரிசப்ஷன், வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று எதையும் விடமாட்டார். கர்நாடக சங்கீதம் சுத்தமாக இருக்கும். சினிமாப் பாட்டென்றால் கேட்கவே வேண்டாம், மாப்பிள்ளை வீட்டு மாமாக்கள் பந்தியை விட்டுவிட்டு மேடைக்கு எதிரே வந்து நின்றுவிடுவார்கள்.

ஆனால் ரிசப்ஷன் வாசிப்பில் ஒரு தொல்லை. முகூர்த்தம் இருக்கிற மாதத்தில் மூச்சு விட நேரம் இருக்காது, ஆடியும் மார்கழியும் வந்தால் வீட்டில் சும்மா உட்கார வேண்டியதுதான். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஆடியும் கிடையாது, மார்கழியும் கிடையாது. ஆண்டு விழா, டீலர் மீட், வெளிநாட்டு விருந்தாளி வந்தால் வரவேற்பு என்று வருடம் முழுக்க ஏதோ ஒன்று நடந்துகொண்டே இருக்கும். அந்த வாசலுக்குள் ஒரு தடவை நுழைந்துவிட்டால் போதும் என்று சபாபதி ஏங்கிக் கிடந்தார்.

கம்பெனிக்காரன் நேரே கலைஞனைக் கூப்பிடமாட்டான், விழா நடத்தித் தருகிற ஆர்கனைசரைத்தான் கூப்பிடுவான். ஆர்கனைசர் முதலில் கேட்பது ப்ரொஃபைல். சபாபதியின் மனைவி அகிலா அதை மொபைலிலேயே அழகாகச் செய்துகொடுத்தாள். வந்திறங்கும்போது வரவேற்பு இசை, குத்துவிளக்கு ஏற்றும்போது மங்கள இசை, சாப்பாட்டு நேரத்தில் மேஜை மேஜையாகப் போய் விருந்தினர் கேட்கிற பாட்டு. இதெல்லாம் உண்மை. பாணிகள் என்ற பக்கத்தில் கர்நாடகம், சினிமா, பழைய பாட்டு, ஃபியூஷன் என்று போட்டுவிட்டு, "வெஸ்டர்ன் போடட்டுமா?" என்று கேட்டாள் அவள்.

"போடு. அது இல்லன்னா கம்பெனிக்காரன் திரும்பிக்கூடப் பாக்கமாட்டான்" என்றார் சபாபதி.

சபாபதிக்கு வெஸ்டர்ன் வராது. வேணுகோபாலுக்கு வரும்.

இருவரும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள். பல வருஷம் ஜோடியாக ரிசப்ஷன்களில் வாசித்தார்கள். வேணு வெஸ்டர்னில் ஒரு மெட்டைத் தானே போட்டு, தெரிந்தவர் ஸ்டூடியோவில் வாசித்துப் பதிவு செய்தான். பதிவு சபாபதியின் கம்ப்யூட்டரில் இருந்தது. அதற்கப்புறம் ஷேர் ஆட்டோ கவிழ்ந்து வேணுவின் இடது கை மோதிர விரல் மடங்காமல் போயிற்று. அந்த விரல் மடங்காவிட்டால் வயலின் வாசிக்க முடியாது. வேணு காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் சேல்ஸ்மேனாகச் சேர்ந்தான். ஒருநாள் கூச்சத்தோடு வந்து, "அந்த ரெக்கார்டிங் ஒண்ணு இருந்துச்சே, குடுப்பா" என்று கேட்டான். "டிஸ்க் போயிடுச்சுப்பா, எல்லாமே போயிடுச்சு" என்றார் சபாபதி. டிஸ்க் எங்கேயும் போகவில்லை. அந்த மெட்டின் மேல் அவருக்கு ஏற்கெனவே ஒரு கண் இருந்தது.

அப்புறம் அதைத் தன் வீடியோவில் சேர்த்தார். கேட்பது வேணுவின் வாசிப்பு, வில்லை ஆட்டுவது சபாபதி. யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தார். உண்மையிலேயே யாருக்கும் தெரியவில்லை.

போன மாதம் காஞ்சிபுரத்து ஹோட்டல் ஒன்றில் ஆர்கனைசர்கள் கூட்டம் நடந்தது. சென்னையிலிருந்து வந்தவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஒவ்வொரு கலைஞரும் தன் வீடியோவைக் காட்டி, கொஞ்ச நேரம் மேடையில் செய்துகாட்ட வேண்டும். ஒரகடத்துக் கம்பெனி விழாக்களை எல்லாம் எடுத்து நடத்துகிற லக்ஷணா என்ற பெண் வந்திருந்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டால் வருடம் முழுக்க வேலை.

சபாபதி சவுண்ட்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார். "சினிமாப் பாட்டுக்கு வயலின் மைக்கை ஏத்துங்க. கடைசி வெஸ்டர்னுக்கு மட்டும் மைக் வேணாம், பதிவு செஞ்ச ட்ராக்லயே வயலினும் இருக்குது."

அந்த ஆள் சிரிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. இந்தத் தொழிலில் இது புதிதல்ல. சபாபதிதான் தலையைத் திருப்பிக்கொண்டார்.

மேடை ஏறியதும்தான் பார்த்தார். ஓரத்து நாற்காலியில், மடியில் பொன்னாடைப் பெட்டியை வைத்துக்கொண்டு வேணுகோபால் உட்கார்ந்திருந்தான். கலைஞர்களுக்குப் போர்த்தும் பட்டுச் சால்வைகள் அவன் கடையின் உபயமாம். சபாபதியைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து கையை ஆட்டினான்.

 நிறுத்தச் சொல்லலாமா என்று சபாபதி நினைப்பதற்குள் திரையில் வீடியோ ஓடத் தொடங்கிவிட்டது. கர்நாடகம் போயிற்று, சினிமா போயிற்று, வெஸ்டர்ன் வந்தது. வேணுவின் சிரிப்பு அப்படியே நின்றது. தலை மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. கண்ணை மூடிக்கொண்டான்.

லக்ஷணா கை தட்டினாள். "அந்த லாஸ்ட் பிட் சூப்பர் சார்! அதை லைவ்ல வாசிங்க, ப்ளீஸ்."

சவுண்ட்காரர் ட்ராக்கைப் போட்டார். சபாபதி வில்லை எடுத்தார். வேணுவுக்கு எதிரே நின்று, வேணு வாசித்ததை வாசிப்பதுபோல நடித்தார். வேணு இப்போது கண்ணைத் திறந்து இவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். சபாபதியின் விரல்கள் எங்கெங்கோ போயின. வேர்வை கண்ணில் இறங்கியது. பூமி பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. அத்தனை பேர் பாராட்டும் முகத்தில் காறித் துப்பியதுபோல இருந்தது.

"பொன்னாடையைக் கடைக்காரரே போத்தட்டும்" என்று மைக்கில் சொன்னார்கள்.

வேணு மேடையேறி வந்தான். சால்வையைப் பிரித்து, சரிகைக் கரை வெளியே தெரிகிறமாதிரி பக்குவமாகப் போர்த்தினான். போட்டோவுக்குச் சிரித்தான். பக்கத்தில் வந்த லக்ஷணா, "உங்களுக்கும் மியூசிக் பிடிக்கும் போல. கண்ணை மூடி ரசிச்சீங்களே" என்றாள்.

"நான் கடைல சேல்ஸ் மேடம்" என்றான் வேணு. சபாபதி வில்லின் திருகைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

அவள் நகர்ந்ததும் வேணு சால்வையின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டே மெல்லக் கேட்டான். "டிஸ்க் சரியாயிடுச்சா?"

சபாபதி தலையை மட்டும் ஆட்டினார்.

"அத கேட்டு எத்தினி வருஷம் ஆச்சு. நான் வாசிச்சது எங்கிட்ட ஒண்ணுகூட இல்லப்பா. போன்ல அனுப்பி வையி. பையனுக்குப் போட்டுக் காட்றேன், நான் வாசிச்சேன்னா நம்பமாட்டேன்றான்" என்று சொல்லிவிட்டு, காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேணு இறங்கிப் போனான். ஒரு திட்டு திட்டியிருந்தால்கூட சபாபதி நிமிர்ந்து நின்றிருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் சால்வையைக் கழற்றிக் கொடியில் போட்டார். அகிலா, "கெடச்சுதா?" என்றாள். "கெடச்ச மாதிரிதான்" என்றவர் மொபைலோடு மூலையில் உட்கார்ந்தார். வேணுவுக்கு அனுப்ப எடுத்த பதிவின் மேல் 'சபாபதி வெஸ்டர்ன்' என்று இருந்தது. அந்தப் பெயரோடு எப்படி அனுப்புவது? தன் பெயரை அழித்து, வேணுகோபால் என்று போட்டு அனுப்பினார்.

அதற்குள் லக்ஷணாவிடமிருந்து செய்தி. கொரியாவிலிருந்து வருகிற குழுவின் வரவேற்பு விழாவுக்கு அவரையே முடிவு செய்திருந்தாள். அந்த வெஸ்டர்ன் பதிவை மட்டும் அனுப்பச் சொன்னாள், கம்பெனிக்குக் காட்ட.

பழைய பெயரைத் திரும்பப் போட ஒரு நிமிஷம் ஆகாது. சபாபதி விரலை வைத்தார், எடுத்தார். அப்படியே அனுப்பினார். கீழே எழுதினார்: 'மேடம், இத வாசிச்சது வேணுகோபால். நான் இல்ல. மேடைலயும் ட்ராக்தான். மன்னிச்சிடுங்க.'

 வேலை கைவிட்டுப் போயிற்று என்றே நினைத்தார். நெஞ்சு கொஞ்சம் லேசானதுகூட உண்டு.

அப்புறம் லக்ஷணாவின் பதில் வந்தது. 'உண்மையைச் சொன்னதுக்கு தேங்க்ஸ் சார். பரவால்ல. எங்களுக்கு அந்த வேணுகோபால்தான் வேணும். அவரைக் கூட்டிட்டு வருவீங்களா?'

சபாபதி அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தார். வேணுவின் மடங்காத விரலைப் பற்றி அவளுக்கு எழுதத் தொடங்கி, பாதியில் அழித்தார்.