தயங்கிய கடைக்காரருக்கு ஒரு மெயில்

ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் எங்கள் உழவர் கம்பெனிக்காகச் சாமை அரிசி விற்க மெயில் எழுதுவது என் வேலை. சென்னைக் கடைக்காரர் ஒருவர், தவிடு போகாத சாமை சீக்கிரம் காறல் வாடை அடிக்கும் என்று தயங்கினார். மேலாளர் அம்மா பதில் எழுதி வைத்திருந்தார்: ‘இன்றே ஆர்டர் போடுங்கள், ஸ்டாக் தீரப்போகிறது.’ குடோனிலோ சாமை மூட்டைகளால் கால் வைக்க இடமில்லை.

அதை அழித்துவிட்டு நான் எழுதினேன்: ‘உங்கள் பயம் நியாயம்தான். உமிக்குள் இருக்கும்வரை சாமை கெடாது; அதனால் நீங்கள் கேட்ட பிறகே உமி நீக்குகிறோம். தவிடு அப்படியே இருக்கும். முதலில் பத்துக் கிலோ மட்டும் வாங்கிப் பாருங்கள். வேண்டாமென்றால் தயங்காமல் சொல்லுங்கள்.’

“இன்னாங்க இது, வேணான்னு சொல்ல நாமளே வழி காட்றதா?” என்றார் மேலாளர்.

“நெருக்குனா ஓடிடுவாருங்க,” என்றேன். அரை மனதாக அனுப்பச் சொன்னார்.

பதிலே வரவில்லை. சில மாதம் கழித்துச் சென்னைக்குப் போனபோது அந்தக் கடைக்குள் நுழைந்தேன். ‘ஜவ்வாது மலைச் சாமை’ என்று பாக்கெட்டுகள் அடுக்கியிருந்தன. ஒன்றைத் திருப்பினேன். ‘நீங்கள் கேட்ட பிறகே உமி நீக்குகிறோம். தவிடு அப்படியே இருக்கும்.’ உள்ளே தவிடு போகப் பளபளவென்று தீட்டிய வெள்ளை அரிசி. தீட்டுகிற மெஷினே எங்களிடம் கிடையாது; இது வேறு எங்கோ வாங்கியது.

என் மெயிலிலிருந்து இரண்டு வரியை எடுத்துக்கொண்டவர், கடைசி வரிக்கு மட்டும் பதில் சொல்லவில்லை: வேண்டாமென்றால் தயங்காமல் சொல்லுங்கள்.