தமிழ் எழுத்தில் எழுதிய ஆங்கிலம்

மகள் கையில் இருந்த தாளை நான் வாங்கிப் பார்க்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு எங்கள் இருவருக்கும் அவ்வளவு பயம் இருந்திருக்காது.

மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டின் மாடியில் அந்த அறக்கட்டளை அலுவலகம். ஞாயிற்றுக்கிழமை காலை. படிப்பு உதவிக்கான நேர்காணல். மகள் பிளஸ் டூ முடித்து, கவுன்சலிங்கில் பொறியியல் கல்லூரியில் இடமும் வாங்கியிருந்தாள். இந்த உதவி கிடைத்தால் சேரலாம். கிடைக்காவிட்டால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டியதுதான். அவள் படித்தது ஊரில், அரசு உதவி பெறும் பள்ளியில், தமிழ் வழியில். நேர்காணலில் முதல் கேள்வியே உன்னைப் பற்றி ஆங்கிலத்தில் சொல் என்பதாக இருக்கும் என்று பள்ளியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

சென்னையில் வேலை செய்யும் நான் அவளை அழைத்துவரக் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். விடியற்காலை ஊர் பஸ்ஸை விட்டு இறங்கியபோதே அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. மயிலாப்பூர் லஸ் வந்து சேரும் வரை அது நிற்கவில்லை.

"இட்லி சாப்பிடுறியா?"

"பேசாதப்பா. விட்டுடுச்சுன்னா மறுபடியும் முதல்ல இருந்து வரணும்."

மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எங்களைப் போல ஏழெட்டுக் குடும்பங்கள். உள் அறைக் கதவில் பாதிக்குக் கண்ணாடி. உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு பெரியவரும் ஒரு அம்மாவும் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. சத்தம் மட்டும் வெளியே வரவில்லை.

எங்களுக்கு முன்னால் உள்ளே போன பையன் வெளியே வந்ததும் அவனுடைய அம்மா எழுந்து ஓடினாள்.

"இன்னாடா கேட்டாங்க?"

"எல்லாத்தையும் கேக்கறாங்கம்மா. அப்பா இன்னா வேலை, எங்க, காலையில எத்தினி மணிக்குப் போறாரு, எல்லாம். ஃபார்ம்ல இருக்கறதும் நாம சொல்றதும் ஒண்ணா கீதான்னு பாக்கறாங்க."

அதைக் கேட்டுத்தான் மகளிடம் தாளைக் கேட்டேன். நான் ஐந்தாவது வரை படித்தவன். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் அவள் ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். 'மை நேட்டிவ் ப்ளேஸ் ஈஸ்' என்று போட்டு எங்கள் ஊர்ப் பெயர். எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தேன். ஐந்தாவது வரியில் நின்றுவிட்டேன்.

'மை ஃபாதர் ஈஸ் எ சேல்ஸ்மேன் இன் எ டெக்ஸ்டைல் ஷாப் இன் சென்னை.'

சேல்ஸ்மேன் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த வேலைக்குத்தான் நான் தியாகராய நகருக்கு வந்தேன். புடவைப் பிரிவில் நிறுத்தினார்கள். வருகிறவர்களை 'வாங்கக்கா, என்ன பாக்குறீங்க' என்று கூப்பிட வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. யாராவது பக்கத்தில் வந்தால் கண் தானாகத் தரைக்குப் போய்விடும். நாலாம் நாள் என்னைக் குடோனுக்கு அனுப்பிவிட்டார்கள். லாரியில் வரும் பேல்களை, அதாவது பெரிய துணி மூட்டைகளை, முதுகில் ஏற்றி மூன்று மாடி கொண்டுபோய் அடுக்குகிற வேலை. பதினெட்டு வருடமாக அதுதான். ஊருக்குப் போகும்போது மட்டும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போவேன். கேட்டவர்களிடம் சேல்ஸில் இருப்பதாகச் சொல்லிவிட்டேன். ஒரு தடவை சொன்னது, அப்படியே நின்றுவிட்டது. மனைவிக்குக்கூடத் தெரியாது.

தாலுகா ஆபீஸில் வாங்கிய வருமானச் சான்றிதழில் 'கூலி' என்று இருந்தது. உதவிக்கான ஃபார்மிலும் பள்ளியில் அதைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தார்கள்.

"சர்டிபிகேட்ல கூலின்னு இருக்கே, உனக்கு ஒண்ணும் தோணலையா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எல்லாருக்குமே அப்படித்தாம்ப்பா போடுவாங்க. அம்மா சொன்னாங்க."

அடுத்தது எங்கள் முறை. சொன்னால் அவள் குழம்பிவிடுவாள். சொல்லாவிட்டால் உள்ளே பொய் சொன்னவளாக நிற்பாள். பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கேட்கக் கூடாது என்று குனிந்து அவள் காதருகில் சொன்னேன்.

"நான் சேல்ஸ்ல இல்லம்மா. பேல் தூக்குறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். அவள் முகத்தில் இருந்தது பயம் மட்டும்தான்.

"இப்ப போய் சொல்றியேப்பா! ஒரு வரிய மாத்தினா மொத்தமும் போயிடும். மூட்டை தூக்குறதுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

எனக்குத் தெரியவில்லை. குடோனில் எங்களை லோடுமேன் என்பார்கள். அது சரியான ஆங்கிலம்தானா, அந்தப் பெரியவர்கள் முன்னால் சொல்லலாமா என்று அப்போது சந்தேகமாக இருந்தது. அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். தாள் என் கையிலேயே இருந்தது.

கண்ணாடி வழியாக அவள் முதுகும் பின்னலும் தெரிந்தன. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். தலை லேசாக ஆடியது. ஒப்பிக்கும்போது அவளுக்கு அப்படித்தான் ஆடும். நான் தாளை வைத்துக்கொண்டு உத்தேசமாக வரிகளைத் தொடர்ந்தேன். இப்போது ஊர். இப்போது பள்ளிக்கூடம். இப்போது மதிப்பெண். அப்புறம் தலை ஆடுவது நின்றது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மின்விசிறிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்த அம்மா ஏதோ கேட்டார். மகளின் தலை மறுபடி ஆடவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்து 'என் தப்புதான்' என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். கால் எழவில்லை. புடவைப் பிரிவில் நின்ற அதே கால்.

அப்போது அவள் கை பின்னாலிருந்து பிரிந்தது. குனிந்து, இரண்டு கையையும் தோளுக்கு மேல் கொண்டுபோய், முதுகில் எதையோ ஏற்றிப் பிடிப்பதுபோலக் காட்டினாள். ஒரு அடி வைத்தும் காட்டினாள். நான் அந்த வேலை செய்து அவள் பார்த்ததே இல்லை. ஆனால் பிடி சரியாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். பெற்றோரையும் பார்ப்பது அவர்கள் வழக்கமாம். நான் உட்காரவில்லை. பெரியவர் சான்றிதழைப் பார்த்துக்கொண்டே, "நீங்க என்ன வேலை செய்யறீங்க?" என்று தமிழில் கேட்டார்.

மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தி.நகர்ல துணிக்கடை குடோன்ல லோடுமேன் சார்," என்றேன்.

"பொண்ணு பாதியில நின்னுடுச்சு. அப்புறம் தமிழ்ல சொல்லலாமான்னு கேட்டுது. சொல்லுன்னோம், நல்லாத்தான் சொல்லிச்சு," என்றார் அந்த அம்மா. புன்னகைத்தாரா என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. வீட்டைப் பார்க்க ஆள் வருவார்கள், அதற்குப் பிறகுதான் முடிவு என்று சொல்லி அனுப்பினார்கள்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் அவள் கேட்டாள்.

"அம்மாகிட்ட யார் சொல்றது?"

"நானே சொல்றேன்."

"வீடு பாக்க வர்றதுக்குள்ள சொல்லிடு."

அன்று சாயங்காலம் குடோன் வாசலில் நின்றே மனைவிக்குப் போன் போட்டேன். மனைவி முழுவதையும் கேட்டாள். பிறகு, "முதுகு வலிக்குதுன்னு சொல்லும்போதெல்லாம் நின்னு நின்னு வலிக்குதுன்னு நினைச்சேன்," என்றாள்.

ஊருக்கு இரண்டு பேர் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் உதவி கிடைத்துவிட்டது என்று மகள் போன் செய்தாள். நான் பேலை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தேன். ஆனால் அவள் குரலில் சந்தோஷம் முழுசாக இல்லை.

"காலேஜ்ல முதல் நாளே எல்லாரையும் எழுப்பி செல்ஃப் இன்ட்ரொடக்ஷன் கேப்பாங்களாம்ப்பா. வகுப்புல அறுபது பேர்."

"புதுசா எழுதி வச்சியா?"

"எழுதிட்டேன்."

"அஞ்சாவது வரி?"

"அதை மட்டும் இன்னும் எழுதல," என்றாள். "பயமா இருக்கு."

எனக்கும் இருந்தது. சொல்லவில்லை.