முதலில் சட்டை

திருப்பூர் பனியன் கம்பெனியில் பதினாறு வருடமாகச் செக்கிங் மேசையில் நிற்கிறவள் பூங்கோதை. அன்று ஹாலந்திலிருந்து சரக்குப் பார்க்க அன்னேகே அம்மாள் வந்திருந்தார்.

"நேத்துத் துவைச்சதுல சுருங்கின சட்டை" என்று சொல்ல நினைத்த மேனேஜர் குப்பண்ணன், அதை அப்படியே இங்கிலீஷில் அடுக்கினார்: "எஸ்டர்டே வாஷ் இன் ஷ்ரங்க் ஷர்ட்."

அன்னேகே விழித்தார். குப்பண்ணன் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார்.

"கத்துனா வெளங்கிருமாங்க? செத்த நகருங்க" என்றாள் பூங்கோதை. ஒரு சட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"திஸ் இஸ் த ஷர்ட்" என்றாள். அதன் சுருங்கிய கைமேல், குறையைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டே, "விச் ஷ்ரங்க் இன் த வாஷ் எஸ்டர்டே" என்று முடித்தாள்.

"ஆ!" என்று தலையசைத்த அன்னேகே, உடனே குறித்துக்கொண்டார்.

குப்பண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. "ஏனம்மிணி, எந்த கிளாஸ்ல படிச்சே?"

"இந்த மேசையிலதானுங்க. நம்ம பேச்சுல சங்கதியெல்லாஞ் சொல்லிப்போட்டுக் கடைசியிலதான் சட்டை வரும். அவங்களுக்குச் சட்டை முதல்ல வரோணும், சங்கதி பின்னால. நீங்க சட்டையே இல்லாம வெறுங்காத்துல ஸ்டிக்கர் ஒட்டுனீங்க!"