வக்கீல் கேட்காமல் விட்ட வரி

பொன்னுத்தங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டால் சாத்தூர்ப் பக்கத்து அச்சங்குளத்தில் தெருநாய்கூட எழுந்து ஓரமாகப் போய்விடும் என்பார்கள். ரேஷன் கடையில் எடையில் சந்தேகம் வந்தால் அங்கேயே பையைக் கவிழ்த்து மறுபடி நிறுக்கச் சொல்வாள். பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குழாய்க்குக் காகிதம் சுற்றுகிறவள். அவளுடைய புருஷன் தனுஷ்கோடி அதே கம்பெனியில் போர்மேன், குணத்தில் அவளுக்கு நேர் எதிர். முதலாளி என்ன சொன்னாலும் அவன் வாயிலிருந்து வருவது "சரிங்கய்யா" ஒன்றுதான்.

ஒரு தீபாவளி சீசனில் ஆர்டர் தலைக்கு மேல் கிடந்தது. நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் எட்டுப் பேரை உட்கார வைக்கச் சொன்னார் முதலாளி. மருந்துக் கலவையை வெளியே வேப்பமரத்தடியில் வைத்துப் பிசையவும் சொன்னார். தனுஷ்கோடி சரிங்கய்யா என்றான். மரத்தடியில் பற்றிய தீ அறைக்குள் பாய்ந்தது. மூன்று பேர் செத்தார்கள். இரண்டு பேருக்குக் கை விரல்கள் போயின. செத்தவர்களில் ஒருவர் பக்கத்து வீட்டுக் கண்ணுச்சாமி.

பொன்னுத்தங்கம் புருஷனுக்காக யாரிடமும் பரிந்து பேசவில்லை. "செஞ்சது தப்புதான். உள்ள இருந்துட்டு வரட்டும். ஆனா செய்யச் சொன்னவுகளும் கூட இருக்கணும்லா?" என்றுதான் கேட்டாள்.

செய்யச் சொன்னவர் வெளியே வந்துவிட்டார். அறையில் நடந்தது அவருக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சி இல்லை என்று மாஜிஸ்திரேட் அவரை விடுதலை செய்தார். தனுஷ்கோடிக்கு மூன்று தண்டனை. உயிர்ப்பலிக்கு இரண்டு வருஷம், படுகாயத்துக்கு ஒரு வருஷம், வெடிபொருள் விதியை மீறியதற்கு இரண்டு வருஷம். தண்டனை பற்றி எதுவும் சொல்ல விரும்புகிறாயா என்று தீர்ப்பெழுதும் முன்பு மாஜிஸ்திரேட் கேட்டார். தனுஷ்கோடி வக்கீல் ராஜபாண்டியன் முகத்தைப் பார்த்தான். முதலாளிக்கும் அவனுக்கும் சேர்த்துக் கம்பெனி வைத்திருந்த வக்கீல் அவர். வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தார். "ஒண்ணுமில்லீங்கய்யா" என்றான் தனுஷ்கோடி.

கோர்ட் வாசலில் ராஜபாண்டியன் அவளைத் தேற்றினார். "மூணும் ஒண்ணாத்தான் ஓடும்மா. ரெண்டு வருஷத்துல வந்துருவான். அப்பீலுன்னு போயிராதீக. போனா முதலாளியத் திரும்பவும் கேஸுக்குள்ள இழுத்துருவாக. அப்புறம் உங்க வீட்டை யாரு பாப்பாக?"

அவள் நம்பினாள். அந்த ஒரு தடவை சண்டை போடாமல் நம்பியதற்காகத் தன்னையே பிற்பாடு எத்தனையோ முறை திட்டிக்கொண்டாள்.

இரண்டு வருஷம் முடிகிற நாளில் புது வேட்டி சட்டையோடு மதுரை ஜெயில் வாசலில் போய் நின்றாள். உள்ளே விசாரித்துவிட்டு வந்த ஜெயில் எழுத்தர் கையைப் பிசைந்தார்.

"முதல் தண்டனை முடிஞ்சிருச்சும்மா. நாளையில இருந்து ரெண்டாவது தொடங்குது."

"எது தொடங்குது? மூணும் ஒண்ணாத்தான ஓடுது?"

"ஏக காலத்துல அனுபவிக்கணும்னு தீர்ப்புல எழுதியிருந்தா ஒண்ணா ஓடும். இதுல எழுதலை. எழுதலைன்னா ஒண்ணு முடிஞ்சுதான் அடுத்தது. நாங்களா சேத்துக்கிட முடியாது."

"அப்ப எப்ப விடுவீக?"

"மொத்தம் அஞ்சு வருஷம்மா."

அவர் மேல் பாய வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். கோபத்துக்குரிய ஆள் அவரல்ல. வேட்டிப் பையை இடுக்கிக்கொண்டு நேரே சிவகாசி பஸ் ஏறினாள்.

ராஜபாண்டியனின் அறையில் நாலைந்து கட்சிக்காரர்கள் இருந்தார்கள். எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"மூணையும் ஒண்ணா ஓட விடுங்கன்னு அன்னைக்கு ஏன் சார் கேக்கல?"

"மாஜிஸ்திரேட்டே எழுதுவாருன்னு நெனச்சேன்ம்மா. வழக்கமா எழுதுவாக."

"நெனச்சீகளா? முதலாளி விடுதலைக்கு எம்புட்டு நேரம் பேசுனீக. அங்க நெனச்சுக்கிட்டுச் சும்மா இருந்தீகளா?"

"இங்க பாரும்மா, சத்தம் போடாத. நான் யாரு வக்கீலு?"

"நீங்க யாருக்கு வக்கீலுன்னுதான் சார் நானும் இம்புட்டு நாளாத் தெரியாம இருந்துட்டேன்."

காத்திருந்தவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார்.

ஜெயிலுக்கு இலவச சட்ட உதவி வக்கீல் வருவதுண்டு என்று எழுத்தர் சொல்லியிருந்தார். அப்படித்தான் ஜெஸ்லினைப் பார்த்தாள். தீர்ப்பை முழுதும் படித்துவிட்டுத்தான் ஜெஸ்லின் வாய் திறந்தார்.

"ஜெயில்காரங்க சொல்றது சரிதாம்மா. இது பழைய சட்டத்துல நடந்த கேஸு. அதுல நீதிபதி ஒண்ணும் சொல்லலைன்னா அடுத்தடுத்துதான். இப்ப வந்திருக்கிற புதுச் சட்டத்துல, ஒண்ணாவா அடுத்தடுத்தான்னு நீதிபதி சொல்லியே ஆகணும்."

"அந்த மாஜிஸ்திரேட்டுகிட்டயே போயி ஒரு வரி எழுதச் சொன்னா?"

"கையெழுத்துப் போட்ட தீர்ப்பை அவரே மாத்த முடியாது. எழுத்துப் பிழைன்னா மட்டும்தான் திருத்தலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் செஷன்ஸ் கோர்ட்டுல அப்பீல் போடணும். கெடு தாண்டி ரெண்டு வருஷம் ஆச்சு. ஏன் தாமதம்னு உங்க வீட்டுக்காரரே மனுவுல சொல்லணும்."

"அப்பீல் போட்டா முதலாளியையும் இழுப்பாகன்னாரே அந்த வக்கீலு."

"இவரு அப்பீல்ல அவரத் தொடவே முடியாதும்மா. விடுதலைய எதுத்து அரசோ பாதிக்கப்பட்டவங்களோ தனியா அப்பீல் போகணும். உங்ககிட்டப் பொய் சொல்லியிருக்காங்க."

"எங்க வீட்டுக்காரர நான் பாக்கணும்" என்றாள் பொன்னுத்தங்கம்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தனுஷ்கோடி தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"நான் எதுவும் எழுதிக் குடுக்க மாட்டேன், தங்கம். முதலாளி சொல்லித்தான் அப்பீல் போடலன்னு எப்படிச் சொல்ல? வீட்டப் பாத்துக்கிடுதேன்னு வாக்குக் குடுத்தாரு."

"எங்கன பாத்தாரு? முதப் பொங்கலோட அரிசி நின்னு போச்சு. கேக்கப் போனா வாட்ச்மேன் கேட்டத் தொறக்க மாட்டேங்கான்."

"கண்ணுச்சாமி அண்ணன் இல்லாம அந்த வீடு கிடக்கு. நான் அஞ்சு வருஷம் கிடந்தாத்தான் என்ன?" என்றான்.

அவளுடைய துக்கமும் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"அந்த வீட்டு முகத்துல தெனம் முழிக்கிறவ நான். உங்க பங்குக்கு ரெண்டு வருஷம்னு கோர்ட்டு சொல்லிருச்சு, கழிச்சாச்சு. இனிமே கழிக்கிறது வக்கீலு வாயத் தொறக்காததுக்கு. முதலாளிக்கு வலிக்கக் கூடாதுன்னு அவரு அடைச்ச வாயிக்கு நீங்க எதுக்குக் கிடக்கணும்? கையெழுத்துப் போட மாட்டீகன்னா இந்தக் கம்பிக்கு முன்னால இனி என்னைப் பாக்க முடியாது."

அவள் சொன்னால் செய்கிறவள் என்பது அவனுக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அரசு வக்கீல் எழுந்து, மூன்று உயிர் போயிருக்கிறது, இரக்கம் காட்டக் கூடாது என்றார். பின்வரிசையில் இருந்த பொன்னுத்தங்கம் அதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள். தாமதத்தை மன்னித்த நீதிபதி, குற்றம் குற்றம்தான் என்று உறுதி செய்தார். ஆனால் எல்லாமே ஒரே சம்பவத்தில், ஒரே அஜாக்கிரதையால் நடந்தவை. அதனால் மூன்று தண்டனைகளையும் ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். மாஜிஸ்திரேட் எழுதாமல் விட்ட அதே வரி. கேட்டிருந்தால் அன்றைக்கே கிடைத்திருக்கும். அந்த ஒரு வரிக்காகத் தனுஷ்கோடி ஐந்து மாதம் கூடுதலாக உள்ளே கிடந்திருந்தான்.

விடுதலையான அன்று இருவரும் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினார்கள். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு அவன் மெலிந்திருந்தான். திருமங்கலம் தாண்டியதும் மெதுவாகச் சொன்னான்.

"சிவகாசி போயி முதலாளிய ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிருவமா? வெளிய வந்ததும் சொல்லலன்னா தப்பா நெனப்பாரு."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் முன்சீட்டுக்காரர்கூட ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீங்க போங்க. பாத்து, கும்பிட்டு, அங்கனயே இருந்துக்கிடுங்க. நான் கண்ணுச்சாமி அண்ணன் வீட்டுக்குப் போறேன். விடுதலைய எதுத்து அவுகளும் அப்பீல் போகலாம்னு ஜெஸ்லினம்மா சொன்னாக. முதலாளி என்ன சொன்னாருன்னு சாட்சி சொல்லத்தான் இதுவரைக்கும் ஒரு ஆம்பளை இல்ல."

கண்டக்டர் வந்து நின்றார். அவள் சாத்தூருக்கு ஒரு டிக்கெட் மட்டும் வாங்கிக்கொண்டு முன்னால் பார்த்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு எங்கய்யா?"

தனுஷ்கோடி அவளைப் பார்த்தான். "எனக்கும் சாத்தூருதான்" என்றான். அவள் திரும்பவில்லை.