பீப் மட்டும்

மங்கலம் சாலையிலிருந்த பனியன் கம்பெனி விடுதியின் கண்ணாடிக் கதவுக்குப் கார்டைக் காட்டினால் திறக்கும் புதுப் பூட்டு வந்தபோது, அதிகம் மகிழ்ந்தவள் செக்கிங் பிரிவு சுபத்ரா. எதிர் பேக்கரிக்கு மாலைதோறும் அவள் தங்கை ஜனனி வந்து நிற்பாள்; இனி யாரையும் கேட்காமல் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தாள்.

பூட்டைப் பொருத்திய பரணி, சோதித்துப் பார்க்கச் சுபத்ராவின் கார்டைத்தான் பதிந்தான். காட்டியதும் 'பீப்', கதவு திறந்தது. தெருக்காற்று முகத்தில் பட்டது.

"சோதனை போதும் கண்ணு. பாதுகாப்புக்காக, உள்ளிருந்து திறக்க என் கார்டு மட்டும் இருக்கட்டும்," என்றார் வார்டன் சாரதாமணி. பரணி மடிக்கணினியில் அவள் கார்டு எண்ணை அழித்தான்.

சுபத்ரா மறுபடி காட்டினாள். பீப் வந்தது, கதவு அசையவில்லை.

"சத்தம் வருதுங்களே, ஏனுங்க திறக்கல?"

"கார்டு காட்டற இந்த ரீடர் எந்தக் கார்டுக்கும் கத்துமுங்க. நம்பரைப் படிச்சு ஒயர் வழியா கம்ப்யூட்டருக்கு அனுப்பும், அவ்வளவுதான். பட்டியல்ல இருக்குதான்னு பார்த்துத் திறக்கறது புரோகிராமுங்க."

"என் நம்பரைச் சேர்க்க ரொம்ப நேரமாகுமுங்களா?"

"ஒரு நொடிங்க."

அவன் வார்டனைப் பார்த்தான். அவர் தலையசைக்கவில்லை. உழைத்துப் பிழைக்க வந்தவளைப் பூட்டி வைப்பதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

கண்ணாடிக்கு அப்பால் ஜனனி பன் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினாள். சுபத்ரா கார்டை மீண்டும் மீண்டும் வைத்தாள். ஒவ்வொரு முறையும் பரணியின் திரையில் அவள் எண் பிழையில்லாமல் வந்து விழுந்தது.